"பரிசீலிக்கப்படும்" என்றால் யார் பரிசீலிப்பார்? திருகோணமலை அலுவலகம் ஒன்றின் மனக்குறை நடைமுறையைத் திருத்திய கதை

பின்னணி

திருகோணமலை நகரில் மாவட்ட அலுவலகமும், மூதூரிலும் குச்சவெளியிலும் சிறு கள அலுவலகங்களும் கொண்ட ஓர் அரச சார்பற்ற நிறுவனம் இது. தலைமையகம் கொழும்பில். மாவட்டத்தில் வேலை செய்பவர்கள் 38 பேர். பெரும்பாலானோர் தமிழில் வாசித்து எழுதுபவர்கள், சிலர் சிங்களத்தில். ஆங்கிலத்தில் வசதியாக வாசிப்பவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இல்லை. ஆனால் பணியாளர் கையேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்னர் தமிழுக்கு மொழிபெயர்க்கப்பட்டிருந்தது.

நான் இந்த நிறுவனத்தின் பணியாளன் அல்ல. அலுவலக ஆவணங்களைத் தமிழில் திருத்திக் கொடுப்பது என் தொழில். என்னை அழைத்ததற்குக் காரணம் ஒரு கடிதம்.

மூதூரில் வேலை செய்த கள உத்தியோகத்தர் ஒருவருக்கு மோட்டார் சைக்கிள் எரிபொருள் கொடுப்பனவு மூன்று மாதம் வரவில்லை. மாதம் 6,500 ரூபா வீதம் மொத்தம் 19,500 ரூபா. மே 8ஆம் திகதி அவர் எழுத்தில் முறையிட்டார். கடிதத்தை வாங்கிய கள இணைப்பாளர் அதை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். மாவட்ட முகாமையாளர் இது மனிதவளப் பிரிவின் வேலை என்று நினைத்து கொழும்புக்கு மின்னஞ்சல் செய்தார். கொழும்பு மனிதவள உத்தியோகத்தரோ, முகாமையாளர் தகவலுக்காக அனுப்பியிருக்கிறார், முடிவை அவரே எடுப்பார் என்று எண்ணினார். ஜூலை 18ஆம் திகதி, அதாவது 71ஆம் நாள், அந்தப் பெண்ணுக்கு ஒரு வரிப் பதில் வந்தது: "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது."

அவர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் பணிப்பாளர் கையேட்டைத் திறந்து பார்த்தார். கொடுப்பனவு ஒரு வாரத்தில் கொடுக்கப்பட்டது. கணக்குப் பிரிவில் ஒரு குறியீடு மாறியதுதான் பிரச்சினை என்று தெரிந்தது. யாராவது கேட்டிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும்.

வேண்டுமென்றே யாரும் இதைத் தாமதிக்கவில்லை. மூவரும் கையேட்டைப் படித்திருந்தார்கள், மூவரும் வெவ்வேறு பொருள் கொண்டார்கள்.

நான் கண்டவை

கையேட்டில் பணியாளர் முறைப்பாடுகள் பற்றிய பழைய பிரிவைத் திருத்துவதுதான் என் வேலை. அதன் தலைப்பு "முறைப்பாட்டுக் கையாளல் பொறிமுறை". இரண்டரைப் பக்கம். மையமான பந்தி இது:

"பணியாளர் தமது முறைப்பாட்டை உரிய பொறுப்பதிகாரியிடம் எழுத்து மூலம் சமர்ப்பிக்க வேண்டும். அது கூடிய விரைவில் பரிசீலிக்கப்பட்டு, அவசியமெனக் கருதப்படுமிடத்து விசாரணை நடத்தப்படும். முடிவு 14 நாட்களுக்குள் அறிவிக்கப்படும். முடிவில் திருப்தியடையாதவிடத்து மேன்முறையீடு செய்யப்படலாம்."

நான் முதலில் செய்தது, ஒவ்வொரு "படும்", "பட்டு", "படலாம்" மீதும் பென்சிலால் வட்டம் போட்டது. பிரிவு முழுவதிலும் 29 இடங்கள். அவற்றில் 17 இடங்களில் செய்பவர் யார் என்பது வாக்கியத்திலும் இல்லை, முன்னும் பின்னும் இல்லை. தமிழில் செயப்பாட்டு வினை செய்பவரை மறைக்க மிக வசதியானது. அலுவலகத் தமிழில் அது மரியாதையான நடை என்றும் கருதப்படுகிறது. "பரிசீலிக்கப்படும்" என்று எழுதும்போது யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பொறுப்பும் ஏற்கவில்லை.

அடுத்தது சொற்கள். "முறைப்பாடு" என்றால் இங்கே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொலிஸ் நிலையம். "பொறுப்பதிகாரி" என்றால் நிலையத்தின் தலைவர். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தபோது, எரிபொருள் காசு கேட்பவர் தன் மேலாளர்மீது பொலிஸில் வழக்குப் போடுவதுபோல ஆகிவிட்டது. "பொறிமுறை"யைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அது அரச சார்பற்ற நிறுவனங்களின் சொந்தச் சொல், வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அப்புறம் நாட்கள். "14 நாட்கள்" என்பது எப்போது தொடங்குகிறது, விடுமுறை சேருமா என்று எங்கும் இல்லை. இதைச் சோதிக்க நான்கு பணியாளர்களிடம் தனித்தனியாக ஒரு கற்பனைச் சம்பவம் சொன்னேன். "வியாழக்கிழமை கடிதம் கொடுக்கிறீர்கள். அடுத்து வரும் திங்கள் போயா. 5 நாட்களுக்குள் பதில் வரவேண்டும் என்று இருந்தால், கடைசி நாள் எது?" கணக்குப் பிரிவில் இருந்தவர் அடுத்த வெள்ளி என்றார்: கொடுத்த நாளை விட்டு, சனி, ஞாயிறு, போயாவைக் கழித்து எண்ணினார். காவலாளி திங்கள் என்றார், அவர் கொடுத்த நாளையும் சேர்த்து எல்லா நாட்களையும் எண்ணியிருந்தார். மற்ற இருவர் செவ்வாய் என்றும் புதன் என்றும் சொன்னார்கள். நால்வரும் தங்கள் கணக்கு நியாயமானது என்று எனக்கு விளக்கினார்கள், நால்வரின் விளக்கமும் சரியாகவே இருந்தது.

"யாரிடம் கொடுப்பீர்கள்?" என்ற கேள்விக்கு இன்னும் மோசமான பதில்கள். குச்சவெளி ஓட்டுநர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், சொன்னார்: "சேர் ஒபிஸில இருந்தா சேரிட்ட குடுக்கலாம். இல்லாட்டி யாரிட்ட குடுக்கிறது, தம்பி? மேசையில வைச்சிட்டு வந்தா அது எங்க போகுமோ." கடிதத்தின் பிரதி ஒன்றை முத்திரை குத்தி வாங்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. கையேட்டிலும் அது இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

ஆரம்பத்தில் நிறுவனம் எதிர்பார்த்தது மொழித் திருத்தம் மட்டும். மூன்று நாள் வேலை என்று பேசியிருந்தோம். ஆனால் 17 இடங்களிலும் எழுவாயைப் போட முயன்றபோது தெரிந்தது, அங்கே எழுவாய் எழுத்தில் மட்டும் விடுபடவில்லை, யார் என்று யாருமே முடிவு செய்திருக்கவில்லை. "விசாரணை நடத்தப்படும்" என்பதை "மாவட்ட முகாமையாளர் விசாரிப்பார்" என்று நான் எழுதலாம். அது உண்மையா என்பதை நிர்வாகம் சொல்ல வேண்டும். ஆகவே அந்த 17 கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி பணிப்பாளருக்குக் கொடுத்தேன். பதில் வர இரண்டு வாரம் ஆனது. முழுப் பணியும் ஆறு வாரத்தில் முடிந்தது.

மூன்று கட்டங்கள் தீர்மானிக்கப்பட்டன. முதல் கட்டம் வாய்மொழி: நேரடி மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும், அவர் மூன்று வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டம் எழுத்து: கடிதம் மாவட்ட முகாமையாளருக்கு. அவர் ஐந்து வேலை நாட்களுக்குள் சந்திப்பை நடத்தி, அதற்குப் பின் ஐந்து வேலை நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் முடிவு கொடுக்க வேண்டும். மூன்றாம் கட்டம் மேன்முறையீடு: முடிவு கையில் கிடைத்ததிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் பணியாளர் பணிப்பாளருக்கு எழுதலாம், பணிப்பாளர் பத்து வேலை நாட்களில் முடிவு சொல்வார், நிறுவனத்துக்குள் அதுவே இறுதி.

கட்டங்களைப் பற்றி அதிகம் வாதம் எழவில்லை. "முடிவெடுப்பவர்" என்பதில்தான் நேரம் போனது. மனிதவள உத்தியோகத்தர் எங்கே வருகிறார்? பழைய நடைமுறையில் அவர் எல்லா இடத்திலும் இருந்தார், எதையும் தீர்மானிக்கவில்லை. புதியதில் அவருக்கு ஒரே வேலை: நாளைக் கணக்கிட்டு, கடைசி நாள் வருவதற்கு முன் முடிவெடுப்பவருக்கு நினைவூட்டுவது. முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுதினோம். அவருக்கே அது நிம்மதியாக இருந்தது.

மாவட்ட முகாமையாளர் நாள் வரம்பை விரும்பவில்லை. "நான் கொழும்பில கூட்டத்தில இருந்தால்? களத்தில இருந்தால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று வேலை நாட்களுக்கு மேல் வெளியே போகும்போது தனக்குப் பதில் யார் என்பதை அவர் பெயர் குறிப்பிட்டு எழுத்தில் நியமிக்க வேண்டும், நியமித்தவரின் முடிவு அவருடைய முடிவாகவே கொள்ளப்படும் என்று ஒத்துக்கொண்டோம். இன்னொன்றையும் சேர்த்தோம்: ஒரே ஒரு முறை, ஐந்து வேலை நாட்களுக்கு மிகாமல், காலத்தை நீட்டலாம், ஆனால் முதல் காலம் முடிவதற்கு முன்பே காரணத்தையும் புதிய நாளையும் பணியாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து வங்கிப் பதிவுகள் வர வேண்டிய விவகாரங்களுக்கு இது தேவை. இந்த வழி இல்லாவிட்டால் நாள் வரம்பு முதல் மாதத்திலேயே மீறப்பட்டு, மதிப்பிழந்திருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: நாள் கடந்துவிட்டால் என்ன? பழைய கையேடு இதைப் பற்றி மௌனம். வரம்பு இருந்து, மீறினால் விளைவு ஏதும் இல்லையென்றால், பணியாளருக்கு அது வரம்பே இல்லை. "உரிய நாளுக்குள் பதில் வராவிட்டால், பணியாளர் மேலும் காத்திராமல் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்" என்று எழுதினோம். பணிப்பாளர் இதை "வராவிட்டால் நினைவூட்டலாம்" என்று மாற்றப் பார்த்தார். மே 8 முதல் ஜூலை 18 வரை நடந்ததைச் சுட்டிக்காட்டினேன். அந்தப் பெண் மூன்று தடவை நினைவூட்டியிருந்தார், கோவையில் இருந்தது. வாக்கியம் நான் எழுதியபடியே நின்றது.

குறை முடிவெடுப்பவர்மீதே என்றால்? அப்படியானால் அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்தவரிடம் நேரே போகலாம். பணிப்பாளர்மீது என்றால் நிர்வாக சபைத் தலைவரிடம். பாலியல் தொல்லை, தாக்குதல் போன்றவற்றுக்கு முதல் கட்டம் தேவையில்லை என்றும், அவை தனி ஏற்பாட்டில் கையாளப்படும் என்றும், பொலிஸுக்குப் போகும் உரிமையை இந்த நடைமுறை தடுக்காது என்றும் சேர்த்தோம். தொல்லை கொடுத்தவரிடமே முதலில் பேசச் சொல்வது எவ்வளவு அபத்தம் என்பதைப் பழைய வரைவை எழுதியவர் யோசிக்கவில்லை.

ஒரு வாக்கியத்தை முழுவதுமாக நீக்கினேன். "உள்ளக நடவடிக்கை முடியும் வரை வெளி அமைப்புகளை அணுகக் கூடாது" என்று இருந்தது. வேலை நீக்கம் பற்றி தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிப்பவர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 2003ல் வந்த திருத்தம் இதைச் சொல்கிறது. நிறுவனத்துக்குள் மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்த 6 மாதம் காத்திருக்காது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் காத்திருப்பவர் உரிமையையே இழக்கக்கூடும். நீக்கிய இடத்தில், வெளியே போக இருக்கும் உரிமைகளை இந்த நடைமுறை பாதிக்காது என்று மட்டும் வைத்தோம்.

எழுதிய விதம்

"முறைப்பாடு" எல்லா இடத்திலும் "மனக்குறை" ஆனது. "பொறுப்பதிகாரி" போய்ப் பதவிப் பெயர்கள் வந்தன. "மேன்முறையீடு" என்பதை வைத்துக்கொண்டு, முதல் முறை வரும்போது "முடிவை மீண்டும் பார்க்கும்படி கேட்பது" என்று அருகிலேயே விளக்கினேன். ஒவ்வொரு வாக்கியமும் ஆளில் தொடங்கியது. மேலே காட்டிய பந்தி இப்படி ஆனது:

"உங்கள் கடிதத்தை மாவட்ட முகாமையாளரிடம் கொடுங்கள். அலுவலகத்தில் அதை வாங்குபவர், பிரதியில் திகதி முத்திரை குத்தி உடனே உங்களிடம் திருப்பித் தர வேண்டும். முத்திரைத் திகதிக்கு அடுத்த வேலை நாள் முதலாம் நாள். 5ஆம் நாளுக்குள் மாவட்ட முகாமையாளர் உங்களைச் சந்திப்பார். சந்திப்புக்கு அடுத்த வேலை நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் அவரே தம் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் உங்கள் கையில் தருவார்."

வேலை நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, போயா உட்படப் பொது விடுமுறைகள் சேராது என்று தனி வரி. குச்சவெளி அலுவலகம் சனிக்கிழமை அரை நாள் திறந்திருக்கும். ஆனாலும் எண்ணுவதற்கு எல்லா அலுவலகத்துக்கும் ஒரே விதி. சந்திப்பு பணியாளரின் சொந்த அலுவலகத்தில் நடக்க வேண்டும். மூதூர்க்காரரை நகரத்துக்கு வரச்சொன்னால் அவருடைய அரை நாள் பயணத்திலேயே போகும். வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் சந்திப்பு வைக்கக் கூடாது என்பதை மூதூர் பணியாளர்கள் கேட்டு வாங்கினார்கள். சக பணியாளர் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம்.

மூன்று மொழியிலும் வெவ்வேறு பொருள் வந்தால் எது செல்லும்? முன்பு ஆங்கிலம். இப்போது பணியாளர் கையொப்பமிட்டு வாங்கிய மொழியில் உள்ளதே செல்லும். தமிழும் சிங்களமும் முழுமையாக ஒத்துப்போக வேண்டும் என்பதால், நாட்கள், பதவிகள் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம். சிங்களத்தில் ஓரிடத்தில் "ஏழு" "ஐந்து" ஆகியிருந்தது.

பின்னர் நடந்தது

புதிய நடைமுறை ஒக்டோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், முன்னர் பார்க்காத ஆறு பேரிடம் அதே கற்பனைச் சம்பவத்தை மறுபடி சொன்னேன். யாரிடம் கொடுப்பது, யார் முடிவெடுப்பது, கடைசி நாள் எது என்ற மூன்றுக்கும் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். ஆறாமவருக்கு மேன்முறையீட்டு நாள் தவறியது. அவர் முடிவு எழுதப்பட்ட திகதியிலிருந்து எண்ணினார், கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. வரியை "முடிவுக் கடிதத்தை வாங்கியதாக நீங்கள் கையொப்பமிட்ட நாளுக்கு அடுத்த வேலை நாள்" என்று மாற்றினோம். நீளமான வாக்கியம்தான், ஆனால் தப்பாகப் படிக்க இடமில்லை.

முதல் ஆறு மாதத்தில் மூன்று மனக்குறைகள் வந்தன. ஓட்டுநரின் மேலதிக நேரக் கொடுப்பனவு முதல் கட்டத்திலேயே தீர்ந்தது. மாவட்ட முகாமையாளர் கொடுத்த ஆண்டு மதிப்பீட்டைப் பற்றிய ஒன்று, அவர்மீதான குறை என்பதால், நேரே பணிப்பாளருக்குப் போனது. பத்தாம் நாள் மாலை முடிவு வந்தது, பணியாளருக்குச் சாதகமாக இல்லை. அவர் திருப்தியில்லை என்று சொன்னார். ஆனால் காரணம் கையில் இருந்ததால், எந்தப் புள்ளியைத் தான் ஏற்கவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது.

மூன்றாவது விடுமுறை பற்றியது, அதில்தான் எங்கள் பிழை வெளிப்பட்டது. முதல் கட்டம் வாய்மொழி என்று எழுதியிருந்தோம். பணியாளர் "நான் திங்களன்று மனக்குறையாகச் சொன்னேன்" என்றார். மேற்பார்வையாளர் "தேநீர் குடிக்கும்போது ஏதோ பேசினார், மனக்குறை என்று எனக்குப் புரியவில்லை" என்றார். "பார்ப்போம்" என்று அவர் சொன்னது பதிலா இல்லையா என்றும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. மூன்று நாள் எப்போது தொடங்கியது என்பதைத் தீர்க்க ஒரு வழியும் எங்கள் வாக்கியத்தில் இருக்கவில்லை. ஆளையும் நாளையும் தெளிவாக எழுதிவிட்டு, கடிகாரம் ஓடத் தொடங்கும் கணத்தை எழுத மறந்திருந்தோம். அந்த விவகாரத்தை மனிதவள உத்தியோகத்தர் புதிதாக அன்றைக்கே தொடங்கியதாக வைத்துச் சமாளித்தார்.

மாற்ற வேண்டியவை

முதல் கட்டத்துக்கு மூன்று வரிச் சீட்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: என்ன குறை, யாரிடம் சொன்னேன், எந்த நாளில் சொன்னேன். பணியாளர் எழுதி மேற்பார்வையாளர் கையொப்பமிட்டால் நாள் தொடங்கும். எழுதத் தயங்குபவருக்காக மேற்பார்வையாளரே எழுதி வாசித்துக் காட்டலாம். இது வாய்மொழிக் கட்டத்தின் எளிமையைக் கொஞ்சம் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும், சில சின்னக் குறைகள் சீட்டுக்குப் பயந்து சொல்லப்படாமலும் போகலாம். அந்த வகைப் பேச்சு மனக்குறையாக எண்ணப்படாமல் போனாலும் பரவாயில்லை என்று நிர்வாகம் தீர்மானித்தது. நான் அதோடு முழுவதும் உடன்படவில்லை. ஆறு மாதம் கழித்து எத்தனை சீட்டு வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி இதே வேலை வந்தால், மொழித் திருத்தத்துக்கு மூன்று நாள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பென்சில் வட்டங்களை முதல் நாளே எண்ணி, எழுவாய் இல்லாத இடங்களின் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுத்து, பதில் வந்த பிறகே ஒரு வரியைத் தொடுவேன். இங்கே பாதி வரைவை எழுதிவிட்டுக் கேட்டதால், குச்சவெளிப் பகுதியை இரண்டு தடவை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

மூதூர் பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். சீட்டின் முதல் மாதிரியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "இதில யாரிட்ட குடுத்தது எண்டு எழுத இடம் இருக்குது, குடுத்த நேரம் எழுத இடம் இல்லையே?" அடுத்த அச்சில் அந்த இடம் சேர்கிறது.